ஒரே கோட்டில் எல்லோரும் நிற்பார்களா? பாலீர்ப்பு நிறமாலை: ஓர் எளிய விளக்கம்

ஒரு படிவம் உங்கள் முன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி பாலீர்ப்பு பற்றியது. எதிர்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பு என்று இரண்டே கட்டங்கள். ஒன்றில் குறியிட வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு நொடியில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். சிலருடைய பேனா மட்டும் அங்கேயே நின்றுவிடும். ஆண்கள்மீதுதான் தனக்கு ஈர்ப்பு என்று நம்பி வளர்ந்த ஒரு பெண், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோழியிடம் தனக்கு உண்டான காதலை எந்தக் கட்டத்தில் வைப்பாள்? அவளுக்கு மனக்குழப்பம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கோ குழப்பம் அந்தப் படிவத்தில்தான் தெரிகிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவருக்கு யார்மீது காமமும் காதலும் எழுகின்றன என்பதைக் குறிப்பது பாலீர்ப்பு. தான் ஆணா, பெண்ணா, இந்த இரண்டிலும் அடங்காதவரா என்று ஒருவர் தன்னைப் பற்றி உணர்வது பாலின அடையாளம். முன்னது பிறரை நோக்கிய உணர்வு, பின்னது தன்னைப் பற்றிய உணர்வு. இந்தக் கட்டுரை முன்னதைப் பற்றியது. பின்னது கடைசிப் பகுதியில் நம்மைத் தேடி வரும்.

பாலீர்ப்பைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்காமல், வானவில்லில் ஒரு நிறம் அடுத்த நிறத்தோடு கலந்து போவதுபோலப் படிப்படியாக மாறும் ஒன்றாகப் பார்க்கலாம் என்பதுதான் நிறமாலை என்ற கருத்து. சிவப்பு எங்கே முடிந்தது, ஆரஞ்சு எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. ஆனாலும் சிவப்பு என்று ஒன்று உண்டு, ஊதா என்று ஒன்று உண்டு. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள உதவுவதால்தான் இந்தக் கருத்து பலருக்குப் பிடித்துப்போனது. அதன் பலத்தையும் பலவீனத்தையும் பார்க்க, அதன் மிகப் பழக்கமான வடிவமான கின்சி அளவுகோலை எடுத்துக்கொள்வோம்.

ஆல்ஃபிரட் கின்சி அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். மனிதர்களின் பாலியல் வாழ்க்கையை ஆராயத் தொடங்குவதற்கு முன், மரங்களின் இலையிலும் கிளையிலும் முடிச்சுகளை உண்டாக்கும் ஒருவகைச் சிறு குளவிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். லட்சக்கணக்கில் சேகரித்து, ஒவ்வொன்றாக அளந்து, ஒரே இனம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் கூட்டத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணோடுதான் அவர் மனிதர்களையும் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கானவர்களை நேரில் சந்தித்து, நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்டு, ஒவ்வொருவரின் பாலியல் வரலாற்றையும் பதிவு செய்தார்கள். ஆண்களைப் பற்றிய அறிக்கை 1948-இலும் பெண்களைப் பற்றியது 1953-இலும் வெளிவந்தன.

அந்த அறிக்கையில் இருந்ததுதான் 0 முதல் 6 வரையிலான அளவுகோல். ஒருவரின் அனுபவமும் மன ஈர்ப்பும் முழுக்க எதிர்பாலினத்தாரை நோக்கியே இருந்தால் 0. முழுக்கத் தன்பாலினத்தாரை நோக்கியே இருந்தால் 6. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் 3. பெரும்பகுதி எதிர்பாலினத்தார்மீதும் எப்போதோ ஒருமுறை தன்பாலினத்தார்மீதும் என்றால் 1. அந்த ‘எப்போதோ’ கொஞ்சம் அடிக்கடி என்றால் 2. மறுபுறம் 5, 4 ஆகியவை இதையே திருப்பிப் போட்டவை.

பலரும் கவனிக்காத ஒரு செய்தி இங்கே உண்டு. இன்று இணையத்தில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் தந்தால் ஓர் எண்ணைத் தரும் ‘கின்சி சோதனை’கள் நிறைய இருக்கின்றன. கின்சி அப்படி எந்தச் சோதனையையும் உருவாக்கவில்லை. ஒருவரின் முழு வரலாற்றையும் கேட்டறிந்த பிறகு, ஆய்வாளர் அந்த வரலாற்றுக்கு ஓர் எண் கொடுத்தார். ஒரே மனிதருக்கு வாழ்க்கையின் வெவ்வேறு காலத்துக்கு வெவ்வேறு எண்ணும் கொடுக்க முடிந்தது. எண் ஒரு வரலாற்றின் சுருக்கமாக இருந்தது. நாம் அதை மனிதரின் முத்திரையாக மாற்றிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கின்சி பேசியவர்கள் மக்கள்தொகையிலிருந்து சீரற்ற முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பேச முன்வந்தவர்கள் அதிகம், சிறையில் இருந்தவர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதனால் இத்தனை சதவீதம் பேர் இந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்ன கணக்குகளை அப்படியே நம்ப முடியாது. அந்தக் கணக்குகள் ஆட்டம் கண்டாலும் அளவுகோல் என்ற யோசனை தனியே நின்றது.

இந்தக் கோடு எதற்குப் பயன்பட்டது

இரண்டு பெட்டிகள் மட்டுமே இருக்கும் உலகத்தில் இடைப்பட்டவர்களுக்கு ஒரு விசித்திரமான நெருக்கடி உண்டு. தன்பாலினத்தாரிடம் ஒருமுறை ஈர்ப்பு வந்துவிட்டால், அதுவரை இருந்த காதலெல்லாம் பொய்யா என்ற கேள்வி எழும். மறுபக்கத்தில், தன்பாலினத்தாரைக் காதலிக்கும் ஒருவருக்கு எப்போதாவது எதிர்பாலினத்தார் ஒருவர்மேல் மனம் போய்விட்டால், ‘அப்படியென்றால் நீ உண்மையில் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சுற்றியிருப்பவர்கள் பாய்ந்து வருவார்கள். பெட்டிகள் ஒரு சொட்டு உணர்வைக்கூட மொத்த அடையாளத்துக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிடுகின்றன. கோடு இந்த வேலையைச் செய்வதில்லை. 1 என்பது 0 அல்ல; அது 6-ம் அல்ல. ஒருவரால் தன் வாழ்க்கையின் எந்தப் பகுதியையும் பொய்யாக்காமல் அதைச் சொல்ல முடிகிறது. இதுவே இந்தக் கருத்தின் முதன்மையான பயன் என்று நான் கருதுகிறேன்.

அளவெடுக்கும் வேலையிலும் அது உதவியது. 2015-இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பிரிட்டனில் வயது வந்தவர்களிடம் 0 முதல் 6 வரை எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டது. 72 சதவீதம் பேர் 0 என்றார்கள். 4 சதவீதம் பேர் 6. 19 சதவீதம் பேர் இடையில் எங்கோ நின்றார்கள். மீதிப்பேர் சொல்லவில்லை. ஆனால் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைச் சொல்லச் சொன்னபோது 89 சதவீதம் பேர் தங்களை எதிர்பாலீர்ப்பாளர் என்றார்கள். 72-க்கும் 89-க்கும் நடுவில் இருக்கும் அந்த 17-ஐக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். பெயரை மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கூட்டம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. அவர்கள் பொய் சொல்லவில்லை. 1 என்ற எண்ணும் ‘எதிர்பாலீர்ப்பாளர்’ என்ற பெயரும் ஒரே மனிதருக்கு ஒருசேரப் பொருந்தலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

பெயரும் வாழ்க்கையும் ஒன்றல்ல என்ற பாடத்தை மருத்துவத் துறை வேறொரு வழியில் கற்றது. எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் இருந்தவர்கள் ‘தன்பாலீர்ப்பு ஆண்களே, பரிசோதனைக்கு வாருங்கள்’ என்று அழைத்தபோது ஒரு பகுதியினர் வரவேயில்லை. ஆண்களோடு உறவு வைத்திருந்தாலும் தங்களை அந்தப் பெயரால் அவர்கள் நினைத்துக்கொண்டதில்லை. அதனால்தான் ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்ற, அடையாளத்தை ஒட்டாத ஒரு சொற்றொடர் பொதுச் சுகாதாரத்தில் நிலைபெற்றது. நோய்க்கிருமி யாருடைய அடையாளத்தையும் விசாரிப்பதில்லை.

ஒரே பெண், நான்கு எண்கள்

பயன் இத்தனை இருக்க, சிக்கல் எங்கே? ஒருவரை எடுத்துக்கொண்டு அவருக்கு எண் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கற்பனையான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 34. ஒன்பது ஆண்டுகளாக ஓர் ஆணோடு மணவாழ்க்கை. கணவரிடம் அன்பும் உண்டு, உடல் நெருக்கமும் உண்டு. இருபது வயதில் ஒரு பெண்ணோடு ஏழெட்டு மாதம் காதல் உறவில் இருந்தார். அதற்குப் பிறகு பெண் யாரோடும் உறவு இல்லை. ஆனால் தெருவில் நடக்கும்போது அவர் கண் திரும்புவது பெரும்பாலும் பெண்களிடம்தான். தனிமையில் மனத்தில் வரும் காட்சிகளிலும் பெண்களே அதிகம். வாழ்க்கையில் மூன்று முறை ஆழமாகக் காதலித்திருக்கிறார்: இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவரிடம் சொல்லவே இல்லை, பிறகு கணவர்.

இவருக்கு எந்த எண்? கடந்த ஒன்பது ஆண்டு நடத்தையைக் கேட்டால் சந்தேகமே இல்லாமல் 0. வாழ்நாள் முழுவதன் நடத்தையைக் கேட்டால் 1, கொஞ்சம் தாராளமாக மதிப்பிட்டால் 2. உடல் ஈர்ப்பைக் கேட்டால் 4 அல்லது 5. காதலைக் கேட்டால் 4. தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார் என்று கேட்டால், இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால் அவர் யோசித்ததே இல்லை என்று சொல்லக்கூடும்.

இந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 2-க்கும் 3-க்கும் இடையே வரும். அந்த எண் அவரைப் பற்றி எதையும் சொல்லாது. அவருடைய வாழ்க்கையில் அந்த எண்ணுக்குப் பொருந்துவது எதுவுமே இல்லை. நடத்தையில் அதற்குக் கீழே இருக்கிறார், விருப்பத்தில் அதற்கு மேலே இருக்கிறார். ஒரு கை பனிக்கட்டியிலும் ஒரு கை கொதிநீரிலும் இருப்பவருக்குச் சராசரி வெப்பம் சுகமானது என்று சொல்வதைப் போன்றது அது. கின்சியின் எண் அனுபவத்தையும் மன ஈர்ப்பையும் சேர்த்தே எடை போட்டது. இரண்டும் ஒத்துப்போகும் மனிதர்களிடம் அது நன்றாக வேலை செய்யும். ஒத்துப்போகாதபோது, அந்த இடைவெளிதான் அந்த மனிதரைப் பற்றிய முக்கியமான செய்தி. எண் அதைத்தான் விழுங்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய முயன்றவர்களில் ஒருவர் மனநல மருத்துவரான ஃபிரிட்ஸ் கிளைன். 1970-களின் இறுதியில் அவர் ஒரு கட்ட அட்டவணையை முன்வைத்தார். பாலியல் ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, மனநெருக்கம், பழகும் வட்டம், வாழ்க்கை முறை, தன்னைத் தான் அழைக்கும் பெயர் என்று ஏழு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் கடந்த காலம், இப்போது, தான் விரும்பும் நிலை என்று மூன்று எண்கள். மொத்தம் 21 கட்டங்கள். ஒருவர் தன்னைப் பற்றி நிதானமாக யோசிக்க இதைவிட நல்ல தாள் கிடைப்பது கடினம். ஆனால் ஒரு கணக்கெடுப்பில் லட்சம் பேரிடம் 21 எண் கேட்க முடியாது. கேட்டாலும் அவற்றை என்ன செய்வது என்று தெரியாது. அதனால் இன்று பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றன: யார்மேல் ஈர்ப்பு, யாரோடு உறவு, உங்களை என்ன பெயரால் அழைக்கிறீர்கள். மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள், தனித்தனியாகவே எண்ணுகிறார்கள்.

தராசின் தவறு

மேலே சொன்னது எதை அளக்கிறோம் என்ற சிக்கல். கோட்டின் வடிவத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதுதான் ஆழமானது என்பதால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

ஒரே கோட்டில் வலப்பக்கம் நகர வேண்டுமானால் இடப்பக்கத்தை விட்டு விலகித்தான் ஆக வேண்டும். அதாவது தன்பாலினத்தார்மேல் ஈர்ப்பு கூடினால் எதிர்பாலினத்தார்மேல் ஈர்ப்பு குறைந்தே தீரும் என்று கோடு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. தராசில் ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்குவதைப் போல. ஈர்ப்பு அப்படித்தான் நடந்துகொள்கிறதா? அதை யாரும் சோதித்துக் கண்டுபிடிக்கவில்லை. கோடு போட்டதால் வந்த முடிவு அது.

இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு ஆண்கள்மீதும் பெண்கள்மீதும் மிகத் தீவிரமான ஈர்ப்பு. இரண்டாமவருக்கு எப்போதாவது ஓர் ஆண்மேல், எப்போதாவது ஒரு பெண்மேல் மெல்லிய ஈர்ப்பு. மற்ற நேரத்தில் அந்த எண்ணமே இல்லை. கின்சியின் எண் ஒரு விகிதம். எவ்வளவு ஈர்ப்பு என்பதை அது அளப்பதில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு பங்கு என்பதை மட்டுமே அளக்கிறது. ஐம்பதுக்கு ஐம்பதும், ஒன்றுக்கு ஒன்றும் விகிதத்தில் சமம்தான். எனவே இருவருக்கும் 3. அவர்கள் இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துப் பேசச் சொன்னால், தங்களுக்குள் பொதுவாக எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

1980-இல் மைக்கேல் ஸ்டார்ம்ஸ் என்ற உளவியலாளர் கோட்டை உடைத்து இரண்டாக்கினார். தன்பாலினத்தார்மேல் எவ்வளவு ஈர்ப்பு என்பது ஓர் அச்சு. எதிர்பாலினத்தார்மேல் எவ்வளவு என்பது அதற்குக் குறுக்கே இன்னொரு அச்சு. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளியில் கணித வகுப்பில் போட்ட வரைபடம்போல, இப்போது நான்கு மூலைகள் கிடைக்கின்றன. ஓர் அச்சில் மட்டும் உயரம் என்றால் எதிர்பாலீர்ப்பு. மற்றதில் மட்டும் என்றால் தன்பாலீர்ப்பு. இரண்டிலும் உயரம் என்றால் இருபாலீர்ப்பு. இரண்டிலும் தாழ்வு என்றால்? அந்த நான்காவது மூலைதான் பழைய கோட்டில் இடமே இல்லாதிருந்த பாலீர்ப்பின்மை.

ஸ்டார்ம்ஸ் தன் படத்தைச் சோதித்தும் பார்த்தார். தராசுக் கணக்கு சரியென்றால், இருபாலீர்ப்பு கொண்டவர்களுக்கு இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதி ஈர்ப்புதான் இருக்க வேண்டும். அவர் மக்களிடம் அவர்களுடைய பாலியல் கற்பனைகளைப் பற்றிக் கேட்டார். தன்பாலினத்தாரைப் பற்றிய கற்பனை இருபாலீர்ப்பாளரிடம் தன்பாலீர்ப்பாளர் அளவுக்கே இருந்தது. எதிர்பாலினத்தாரைப் பற்றியதும் எதிர்பாலீர்ப்பாளர் அளவுக்கே இருந்தது. அவர்கள் இரண்டுக்கும் நடுவில் பாதிவழியில் நிற்கவில்லை. ‘இன்னும் முடிவு செய்யாதவர்’, ‘இரண்டும்கெட்டான்’ என்று இருபாலீர்ப்பாளர்கள் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட சொற்களுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்தத் தராசுப் படம்தான். படத்தை மாற்றினால் அந்தச் சொற்களுக்கு நிற்க இடமில்லை.

நான்காவது மூலையைப் பற்றியும் ஒரு சொல். கின்சிக்கு இவர்களைத் தெரியாமல் இல்லை. எவர்மீதும் பாலியல் நாட்டமோ அத்தகைய தொடர்போ இல்லாதவர்களுக்கு எண் கொடுக்காமல், கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்தைக் கொடுத்து ஒதுக்கி வைத்தார். கோட்டில் அவர்களுக்கு இடமில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் படிக்கிறேன். 2004-இல் ஆண்டனி போகர்ட் என்ற ஆய்வாளர், பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்ட ஒரு தேசியக் கணக்கெடுப்பை ஆராய்ந்தார். ஏறத்தாழ 1 சதவீதம் பேர் ‘யார்மீதும் ஒருபோதும் பாலியல் ஈர்ப்பு எழுந்ததில்லை’ என்ற பதிலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இப்படி ஒரு பதில் அந்தக் கேள்வித்தாளில் இருந்ததால்தான் அவர்கள் தெரியவந்தார்கள்.

கோட்டின் மேல் விழுந்த இன்னொரு அடி எதிர்பாராத திசையிலிருந்து, மரபணு ஆய்விலிருந்து, வந்தது. 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு சுமார் 4.77 லட்சம் பேரின் மரபணுத் தகவலைப் பார்த்தது. தன்பாலினத்தாரோடு ஒருமுறையாவது உறவு கொண்டவர், கொள்ளாதவர் என்ற வேறுபாட்டோடு தொடர்புள்ள மரபணுக் கூறுகள் ஒருவிதம். அப்படி உறவு கொண்டவர்களுக்குள், எத்தனை பங்கு தன்பாலினத்தாரோடு என்பதோடு தொடர்புள்ள கூறுகள் வேறுவிதம். 0-இலிருந்து 1-க்கு வருவதும், 1-இலிருந்து 6-க்குப் போவதும் ஒரே பாதையின் தொடர்ச்சி என்றால் இப்படி இருக்கக் கூடாது. ஒற்றைக் கோடு மிகையான எளிமைப்படுத்தல் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். ஒரு தனி மனிதரின் மரபணுவைப் பார்த்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்ல முடியாது என்பதையும் அதே ஆய்வு தெளிவாக்கியது. அது அளந்தது நடத்தையை, ஈர்ப்பை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. நம் 34 வயதுப் பெண்ணை நினைத்தால் அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

கோட்டில் நகர முடியுமா?

கோடு என்று ஒன்றைப் பார்த்தவுடனே, அதில் நகரலாம் என்ற எண்ணம் நமக்குத் தானாக வந்துவிடுகிறது. வானொலியின் ஒலித் திருகைத் திருப்புவது போல. இந்த எண்ணம்தான் இந்தக் கருத்தால் விளையக்கூடிய தீங்குகளிலேயே கொடியது. ‘எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் இரண்டும்தான், நீ முயன்றால் இந்தப் பக்கம் வரலாமே’ என்று பெற்றோர் பிள்ளையிடம் சொல்லும்போது, நிறமாலை என்ற சொல் இரக்கத்தின் முகத்தோடு வந்து வற்புறுத்தலாக மாறிவிடுகிறது.

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் இரண்டும் என்பதே முதலில் சரியில்லை. யூகவ் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கோட்டில் மக்கள் சீராகப் பரவி நிற்கவில்லை. 0-இல் பெருங்கூட்டம் நிற்கிறது. 6-இல் நிற்பவர்களும் ஒரு தனித் திரளாக இருக்கிறார்கள். அளவுகோலில் ஏழு புள்ளிகள் இருப்பதால் ஏழிலும் ஆள் சமமாக இருப்பார்கள் என்றோ, முனையில் நிற்பவர் தன்னை ஏமாற்றிக்கொள்கிறார் என்றோ பொருள் இல்லை. ‘எனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு வந்ததே இல்லை’ என்று ஒரு தன்பாலீர்ப்பு ஆண் சொன்னால், அது முழுமையான உண்மையாக இருக்கலாம். அவரை 5 என்று திருத்த நமக்கு என்ன உரிமை?

மாற்றம் என்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. லிசா டைமண்ட் என்ற உளவியலாளர் 1990-களில் தொடங்கி 79 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார். தொடக்கத்தில் அவர்கள் தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்றோ, இருபாலீர்ப்பாளர் என்றோ சொன்னவர்கள், அல்லது எந்தப் பெயரும் வேண்டாம் என்றவர்கள். பத்து ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒருமுறையாவது தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் முயன்று மாற்றவில்லை. அது அவர்களுக்கு நிகழ்ந்தது. பலருக்கு வியப்பாகவும் இருந்தது. பருவநிலை மாறுகிறது என்பதால் மழையை நாம் கட்டளையிட்டு வரவழைக்க முடியுமா? அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009-இல் அன்றுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலனளிக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்ற தீங்குகளுக்கு இடமுண்டு என்றும் முடிவுக்கு வந்தது. யாராவது உங்களிடம் நிறமாலையைக் காட்டி மாறச் சொன்னால், இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கோடு சொல்லும், அவரை நகர்த்தும் கைப்பிடி அதில் இல்லை.

‘தன்’, ‘எதிர்’ என்ற சொற்களும் ஆடும்போது

இதுவரை ‘தன்பால்’, ‘எதிர்பால்’ என்று சிரமமில்லாமல் எழுதிக்கொண்டே வந்தேன். அந்தச் சொற்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன: பாலினம் இரண்டுதான், தன்னுடையது எது என்பதில் கேள்வியே இல்லை. பெண்கள்மீது ஈர்ப்புள்ள ஒரு திருநங்கையை நினைத்துப் பாருங்கள். அவர் பெண். பெண்களை விரும்புகிறார். எனவே 6. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மற்றவர்கள் அவரை ஆண் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, இதே ஈர்ப்புக்கு 0 போட்டிருப்பார்கள். அவர் ஈர்ப்பில் ஒரு நூல்கூட மாறவில்லை. கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவரை எடுத்துப் போட்டது, அவரைப் பற்றி நாம் புரிந்துகொண்டதில் வந்த திருத்தம். ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று தன்னை உணரும் ஒருவருக்கோ ‘எதிர்’ என்று யாரைச் சொல்வது என்பதே தெரியாது.

இதனால் சில ஆய்வாளர்கள் விரும்புபவரை விட்டுவிட்டு, விரும்பப்படுபவரை மட்டும் சொல்லும் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள்: ஆண்கள்மீது ஈர்ப்பு, பெண்கள்மீது ஈர்ப்பு. ஸ்டார்ம்ஸின் இரண்டு அச்சுகளுக்கும் இந்தப் பெயர்களை இட்டால், அந்தத் திருநங்கை தன் வாழ்நாள் முழுவதும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் நிற்பார். இதிலும் குறை இருக்கிறது. தன்னைப் பெண்ணை விரும்பும் பெண் என்று சொல்லிக்கொள்வது அவருக்கு வெறும் திசைக்குறி அல்ல. அவர் போராடி அடைந்த சொல் அது. எனவே ஆய்வுக்கு ஒரு சொல், வாழ்க்கைக்கு இன்னொரு சொல் என்று இரண்டும் தேவைப்படுகின்றன.

தொடக்கத்தில் சொன்ன படிவத்துக்குத் திரும்புவோம். அதை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தால், 0 முதல் 6 வரை ஒரு கோடு வரைந்து வைக்க மாட்டேன். கட்டங்களை எடுத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்பேன். முதலாவது: ஆண்கள்மீது உங்களுக்கு ஈர்ப்பு எவ்வளவு, பெண்கள்மீது எவ்வளவு, வேறு பாலினத்தார்மீது எவ்வளவு. எதற்கும் ‘இல்லவே இல்லை’ என்று எழுதலாம். இரண்டாவது: கடந்த ஓர் ஆண்டில் யாரோடு உறவில் இருந்தீர்கள்; மருத்துவரின் படிவம் அல்லாத இடத்தில் இதைக் கேட்கவே மாட்டேன். மூன்றாவது: உங்களை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறீர்கள். அந்த 34 வயதுப் பெண் முதல் இரண்டுக்கும் சட்டென்று பதில் எழுதிவிடுவார். மூன்றாவதில் பேனா நிற்கும். அந்த வரியை விரும்பினால் காலியாக விடலாம் என்று அதன் கீழேயே அச்சிட்டிருப்பேன்.